படிவம் 16-ஐ மட்டும் நம்பலாமா?

தாம்பரம் மெப்ஸ் வளாகத்திலும் குரோம்பேட்டை, பல்லாவரம் கம்பெனிகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கு ஜூன் 15-க்குள் படிவம் 16 கைக்கு வந்துவிட வேண்டும். வந்ததும் கணக்கைத் தாக்கல் செய்துவிடாதீர்கள். வருமானவரித் தளத்தில் நுழைந்து 26ஏஎஸ் படிவத்தையும் திறந்து பாருங்கள். உங்கள் பான் எண்ணில் அரசுக்கு வந்து சேர்ந்த வரி அதில் தெரியும்.

ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய் பிடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். சம்பளச் சீட்டுகளைக் கூட்டினால் 48,000. 26ஏஎஸ்ஸில் 36,000தான் இருக்கிறது. தேதிவாரியாகப் பார்த்தால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வரவு இல்லை. பிடித்த பணத்தைக் கம்பெனி கட்டாமல் இருந்திருக்கலாம். கட்டியிருந்தும் அந்தக் காலாண்டு அறிக்கையில் பான் எண்ணின் ஓர் எழுத்தைத் தவறாக அடித்திருக்கலாம். வரவுக்கு எதிரே F என்று இருந்தால் சரி. U என்றால் கட்டிய பணத்தோடு கணக்கு இன்னும் பொருந்தவில்லை.

அப்படியே 48,000 என்று காட்டித் தாக்கல் செய்தால், மீதி 12,000-ஐ வட்டியோடு கேட்டு நோட்டீஸ் வரக்கூடும். அதற்கு முன்பே கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி, திருத்த அறிக்கை தாக்கல் செய்யச் சொல்லுங்கள். வரவு ஏறச் சில நாட்கள் ஆகும், காத்திருங்கள்.

கம்பெனி கைவிரித்தால்? சம்பளத்தில் பிடித்த வரியைத் தொழிலாளியிடம் மறுபடி வசூலிக்கக்கூடாது என்று 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 205-ஆம் பிரிவு சொல்கிறது. பிடித்ததற்குச் சாட்சி சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும்தான். பன்னிரண்டு மாதத்துக்கும் எடுத்து வையுங்கள்.