குளிசை போட்டும் ஆறாத வயிற்றுப்புண்

(முள்ளியவளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஒரு மாதம் ஒமெப்ரசோல் போட்டேன். நோ நின்றது. இப்ப திரும்பவும் எரியுது." தொழிலாளர்களிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் கதை இது. குளிசையை ஒழுங்காகத்தான் போட்டிருப்பார்கள். ஆனால் விடியற்காலைத் தேத்தண்ணியோடு பீடியும் தொடர்ந்திருக்கும்.

உறைப்பு மட்டும் புண்ணை உண்டாக்குவதில்லை. பெரும்பாலும் காரணம் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற கிருமி, அல்லது உடம்பு நோவுக்குப் போடும் டைக்ளோபினாக், அஸ்பிரின் போன்ற குளிசைகள். அந்தக் கிருமியைக் கண்டறிந்த அவுஸ்திரேலிய வைத்தியர்கள் மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் பீடி என்ன செய்கிறது? கத்தி வெட்டிய கை ஆறுவதற்கு அந்த இடத்துக்கு இரத்தம் ஓட வேண்டும். வயிற்றுப்புண்ணும் அப்படித்தான். நிக்கொட்டின் சிறிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. இரைப்பையைக் காக்கும் சளிப்படையும், அமிலத்தை முறிக்கக் கணையம் சுரக்கும் காரநீரும் குறைகின்றன. குளிசை அமிலத்தைக் குறைக்கும். குறைந்த இரத்தத்தைக் கொண்டுவந்து தராது. கிருமியைக் கொல்லும் மருந்தும் புகைப்பவர்களிடம் கூடுதலாகத் தவறிப்போகிறது.

நெஞ்செரிவும் இதோடு சேர்ந்ததே. உணவுக்குழாயின் அடியை இறுக்கி மூடும் தசையைப் புகை தளர்த்துகிறது. அமிலம் மேலே ஏறுகிறது. அதைக் கழுவிவிடும் எச்சிலும் குறைகிறது.

ஆகவே கிளினிக்குக்குப் போனால் புகைப்பதை மறைக்காதீர்கள். போடும் நோக் குளிசையின் பெயரையும் சொல்லுங்கள். கிருமிக்குப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். மலம் தார்போலக் கறுத்தாலோ, இரத்தமாக வாந்தி வந்தாலோ, நாட்சம்பளத்தைப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது புண்ணிலிருந்து இரத்தம் கசிவதன் அடையாளம்.