“உமது இலக்கம்” என்ற இடத்தில் எதை எழுதுவது?
(அறுகம்பேயில் தொழில் பார்க்கும் மலையகப் பிள்ளைகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சீசன் நேரத்தில் வேலையை விட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே ஒரே ஒரு விடயத்தைப் பேசுகிறோம். அரசாங்கத் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதும்போது போடும் இலக்கமும், அடியில் எழுதும் இணைப்புப் பட்டியலும்தான் அது. சின்ன விடயம் மாதிரி இருக்கும். இதனால் ஒரு தாயின் பணிக்கொடை எவ்வளவு காலம் இழுபட்டது என்பதைச் சொன்னால் விளங்கும்.

ஊவாவில் ஒரு தோட்டத்தில் 31 வருடம் கொழுந்தெடுத்த அம்மா அவர். ஓய்வுக்குப் பின் பணிக்கொடை கிடைக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு முழுமையான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் உரியது. 31 வருடத்துக்கு 434 நாள் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் அதைக் கொடுத்திருக்க வேண்டும்.

மகன் இந்தக் கடற்கரையில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. அவர்தான் கடிதங்களை எழுதினார். எங்களிடம் வரும்போது ஒரு ஷொப்பிங் பேக் நிறையக் கடதாசி. முதல் கடிதம் நான்கு பக்கம். அம்மாவின் கஷ்டம் முழுக்க அதில் இருந்தது, செக்ரோல் இலக்கமும் ஓய்வு பெற்ற திகதியும் மட்டும் இல்லை. தொழில் அலுவலகம் சும்மா இருக்கவில்லை. விபரங்களைக் கேட்டுப் பதில் அனுப்பியது. மகன் கேட்ட பத்திரங்களைப் போட்டோ கொப்பி எடுத்து, ஒரு உறையில் போட்டு, மேலே கடிதம் ஒன்றும் வைக்காமல் அனுப்பிவிட்டார். நான்கு மாதம் சத்தமில்லை. கோபத்தில் புதிதாக இன்னொரு முறைப்பாடு எழுதினார். அதற்கும் பதில் வந்தது, அதே விபரங்களைக் கேட்டு!

“சேர், அனுப்பினதையே திரும்பக் கேட்கிறாங்க. வேணும்னுதான் செய்றாங்க” என்றார் தம்பி.

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பிறகு கல்முனையில் ஓய்வு பெற்ற கிளாக்கர் ஒருவரிடம் இரண்டு பதில்களையும் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலைப்பை மட்டும் பார்த்தார். “தம்பி, கடிதத்தை வாசிக்கிறதுக்கு முந்தி அதப் பதியிறாங்க. இலக்கம் இல்லாட்டி அது புதுக் கடிதம். உங்கட அம்மாக்கு அங்க ரெண்டு பைல் இருக்கு” என்றார். உண்மைதான். இரண்டு பதில்களிலும் “எனது இல.” என்ற இடத்தில் வெவ்வேறு இலக்கங்கள். இடையில் அனுப்பிய கொப்பிகள் எந்தப் பைலிலும் சேராமல் கிடந்திருக்கின்றன.

அவர் விளக்கியது இதுதான். தபால் வந்ததும் உறையைப் பிரித்து, திகதி முத்திரை குத்தி, வரும் கடிதப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். அனுப்பியவர் யார், எது பற்றி, எந்தக் கிளைக்கு என்று ஒரு வரி. பழைய பைல் இலக்கம் கடிதத்தின் தலையில் தெரிந்தால் அந்தப் பைலில் கோர்த்து உரிய மேசைக்குப் போகும். தெரியாவிட்டால் பெயரை வைத்துத் தேட வேண்டும். நமது பெயர்களோ அடையாள அட்டையில் ஒரு மாதிரி, செக்ரோலில் இன்னொரு மாதிரி. லட்சுமி லெட்சுமியாக இருப்பார். இலக்கத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

இனி அந்த இலக்கத்தை எங்கே எழுதுவது? பலரும் தடுமாறும் இடம் இதுதான். அவர்கள் அனுப்பிய கடிதத்தில் “எனது இல.” என்று இருப்பது அவர்களுடைய பைல் இலக்கம். நாம் பதில் எழுதும்போது அது “உமது இல.” ஆகிவிடும். தம்பி ஒரு தடவை அவர்கள் கடிதத்தில் “உமது இல.” என்ற வரியைப் பார்த்திருக்கிறார். அது வெறுமையாக இருந்ததால், இலக்கமே தரவில்லை என்று நினைத்துவிட்டார். அந்த வரி வெறுமையாக இருந்தது, நாம் நமது கடிதத்துக்கு இலக்கம் போடாததால்.

சிங்களத்தில் பதில் வந்தாலும் பயப்பட வேண்டாம். “மகே அங்கய” என்றால் எனது இலக்கம், “ஒபே அங்கய” என்றால் உமது இலக்கம். இலக்கத்தில் எழுத்து, கோடு, புள்ளி எது வந்தாலும் உள்ளபடியே எழுதுங்கள். ஒரு கோடு விடுபட்டால் வேறு பைலாகலாம். நாம் தமிழிலேயே எழுதலாம். 1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம், சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் தமிழில் எழுதிப் பதில் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது.

பிறகு அந்தத் தம்பியோடு இருந்து எழுதிய கடிதம் ஒரு பக்கம்தான். தலைப்பகுதி இப்படி இருந்தது. பைல் இலக்கங்களை உதாரணத்துக்கு மாற்றியிருக்கிறோம்.

எனது இல.: ப.கொ/03
உமது இல.: தொ/ப/7/118 மற்றும் தொ/ப/7/164

உதவித் தொழில் ஆணையாளர்,
தொழில் அலுவலகம்.

ஐயா/அம்மணி,

பணிக்கொடை கிடைக்காமை – செக்ரோல் இல. …, தே.அ.அ. இல. …

மேற்படி இரண்டு இலக்கங்களும் ஒரே தொழிலாளி பற்றியவை. அவற்றை ஒரே கோவையாக இணைத்து நடவடிக்கை எடுக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் கோரிய ஆவணங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

அடுத்த பந்தியில் வேலைக்குச் சேர்ந்த திகதி, ஓய்வு பெற்ற திகதி, கடைசி நாட்சம்பளம், வர வேண்டிய 434 நாள். அவ்வளவுதான். அம்மாவின் கஷ்டத்தை ஏன் வெட்டினீர்கள் என்று தம்பி கேட்டார். அதை விசாரணையில் அம்மாவே வாயால் சொல்லட்டும் என்றோம். கையெழுத்தும் அம்மாவுடையது. உரித்து அவருடையது, மகன் எழுதிக்கொடுத்தவர் மட்டுமே.

கையெழுத்துக்குக் கீழே:

இணைப்புகள்:
01. தேசிய அடையாள அட்டை – நிழற்பிரதி (1 பக்கம்)
02. தோட்ட நிர்வாகம் வழங்கிய ஓய்வுக் கடிதம் – நிழற்பிரதி (1 பக்கம்)
03. கடைசி 3 மாதச் சம்பளத் துண்டுகள் – நிழற்பிரதி (3 பக்கங்கள்)
04. ஊழியர் சேமலாப நிதி கணக்கு அறிக்கை – நிழற்பிரதி (2 பக்கங்கள்)
05. பெயர் வேறுபாடு பற்றிய சத்தியக் கடதாசி – நிழற்பிரதி (1 பக்கம்)
மொத்தம் 8 பக்கங்கள்.

பக்கக் கணக்கு எதற்கு? பிறகு யாராவது “சம்பளத் துண்டு வரவில்லை” என்றால், எட்டுப் பக்கம் அனுப்பியதாக அவர்கள் முத்திரை குத்திய கடிதமே சொல்லும். ஒவ்வொரு பிரதியின் மூலையிலும் அதே 01, 02 என்று எழுதி, பைல் இலக்கத்தையும் எழுதினோம். கிளிப் கழன்றாலும் எங்கே சேர வேண்டும் என்று தெரியும். சத்தியக் கடதாசியைச் சேர்த்தது அந்த லட்சுமி–லெட்சுமி தொல்லைக்காக. சமாதான நீதவான் முன் இரண்டு பெயரும் ஒருவரே என்று அம்மா சத்தியம் செய்து கையெழுத்திட்டது. மூலப் பத்திரம் ஒன்றையும் தபாலில் விடவில்லை. விசாரணைக்குப் போகும்போது கையில் கொண்டு போவதற்கு அவை வேண்டும்.

“எனது இல. ப.கொ/03” என்றதைக் கேட்டு ஒருவர் சிரித்தார், நமக்கு என்ன கந்தோரா இருக்கிறது என்று. நாற்பது பக்க சீ.ஆர். கொப்பி ஒன்றுதான் எங்கள் கந்தோர். அனுப்பும் கடிதத்துக்கு ஒரு இலக்கம், திகதி, யாருக்கு, எத்தனை பக்கம். பதிவுத் தபால் துண்டை அதே வரியின் பக்கத்தில் ஒட்டிவிடுவோம். கடிதத்தின் பிரதியும் அதற்குள்ளேயே இருக்கும். பதிவுத் தபால் துண்டு கடிதம் போனதைக் காட்டுமே தவிர உள்ளே என்ன இருந்தது என்று காட்டாது. அதற்குத்தான் பட்டியல். அலுவலகத்துக்கு நேரில் போகிறவர்கள் இரண்டு பிரதி கொண்டு போய், ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வரலாம்.

ஒரு வேலையை இலக்கம் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். சரியான பைலில் சேர்ந்த கடிதமும் மேசையில் கிடக்கலாம். அப்போது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதி, “இன்ன இலக்கக் கோவையில் இன்ன திகதிக் கடிதத்துக்கு எடுத்த நடவடிக்கை என்ன, குறிப்புத்தாளின் பிரதி தருக” என்று கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். அங்கும் கோவை இலக்கம் இல்லாமல் கேட்டால், எந்தத் தகவல் என்று நம்மிடமே திருப்பிக் கேட்பார்கள்.

தம்பிக்கு அது தேவைப்படவில்லை. ஆறாவது வாரம் விசாரணைத் திகதி குறித்துக் கடிதம் வந்தது. அம்மாவும் தோட்ட நிர்வாகமும் வர வேண்டும், மூலப் பத்திரங்களைக் கொண்டுவர வேண்டும் என்று இருந்தது. கடிதத்தின் தலையில் ஒரே ஒரு “எனது இல.”, அதற்குக் கீழே “உமது இல.: ப.கொ/03”.