படி எப்போது இறங்கும்?

(கீழ்பென்னாத்தூரில் நடைபெற்ற கணித ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் திருத்திய ஒரு விடைத்தாளிலிருந்து தொடங்குகிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு நானே தயாரித்த தேர்வில் ஒரு மதிப்பெண் வினா ஒன்று இருந்தது. “p(x), q(x) ஆகிய இரண்டும் 4 படியுள்ள பல்லுறுப்புக் கோவைகள். p(x) + q(x) இன் படி என்ன?” என் விடைக்குறிப்பில் 4 என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவி மட்டும் “சொல்ல முடியாது” என்று எழுதியிருந்தாள். தவறு என்று போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

தாளைக் கொடுத்த அன்று மதிய இடைவேளையில் அவள் வந்து நின்றாள். “ஐயா, இது ரெண்டும் நாலு படிதானே?” என்று கேட்டுக் குறிப்பேட்டைக் காட்டினாள். அதில் x⁴ + 2x என்று ஒன்றும், −x⁴ + 5 என்று ஒன்றும் இருந்தன. கூட்டினால் 2x + 5. படி 1. எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரு மதிப்பெண்ணைப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அந்த வினாவை அதற்கு முன்பு எத்தனை ஆண்டுகள், எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோது, கூட்டல், பெருக்கல், சேர்ப்பு மூன்றுக்கும் ஒரே ஒரு கேள்வி போதும் என்று தெரிந்தது. உச்சியில் எத்தனை உறுப்புகள் போட்டிக்கு நிற்கின்றன? உச்சியில் ஒன்றே ஒன்று நின்றால் அதை அடிக்க ஆள் இல்லை. ஒரே படியில் இரண்டோ அதற்கு மேலோ நின்றால்தான் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள முடியும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

கூட்டலை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒன்றின் படி 5, மற்றொன்றின் படி 3 என்றால் கூட்டலின் படி 5. அந்த x⁵ உறுப்புக்கு எதிரில் யாரும் இல்லை. இரண்டும் ஒரே படி என்றால் மட்டும் நின்று பார்க்க வேண்டும். உயர்ந்த படியுள்ள உறுப்புகளின் கெழுக்களைக் கூட்டினால் பூச்சியம் வருகிறதா? வரவில்லை என்றால் படி அப்படியே இருக்கும். வந்தால் படி இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை அடுத்த கெழுவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதுவும் அடிபட்டால் அதற்கும் அடுத்தது. எல்லாமே அடிபட்டால் மிஞ்சுவது பூச்சியப் பல்லுறுப்புக் கோவை. அதற்குப் படியே வரையறுக்கப்படவில்லை.

படி இறங்குவது வெறும் எழுத்து வேலை இல்லை என்று பிள்ளைகளுக்குக் காட்ட நம் ஊர் மல்லாட்டைக் கொல்லை போதும். x மீட்டர் பக்கமுள்ள சதுரக் கொல்லை ஒன்று. பக்கத்தை 5 மீட்டர் கூட்டுகிறோம். புதிதாகச் சேர்ந்த நிலம் எவ்வளவு?

(x + 5)² − x² = 10x + 25

இரண்டு கொல்லைகளின் பரப்பும் இருபடி, வித்தியாசம் ஒருபடி. x = 100 என்றால் பழைய பரப்பு 10,000 சதுர மீட்டர், கூடுதல் நிலம் 1,025. x = 200 என்றால் பழைய பரப்பு 40,000, கூடுதல் நிலம் 2,025. பக்கம் இரட்டித்ததும் கொல்லை நான்கு மடங்கானது. ஓரத்தில் சேர்ந்த பட்டை ஏறக்குறைய இரண்டு மடங்குதான் ஆனது. படி என்பது இந்த வளர்ச்சி வேகம்தான். வேகம் குறைந்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குப் படி இறங்கியதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதே இடத்தில்தான் பத்தாம் வகுப்பில் சறுக்குகிறார்கள். (x + 3)² = x² + 21 என்பது இருபடிச் சமன்பாடா என்று கேட்டால், x² கண்ணில் படுவதால் “ஆமாம்” என்று சொல்லிவிடுவார்கள். விரித்தால் இருபுறமும் x² அடிபட்டு 6x = 12 ஆகிறது; x = 2 என்ற ஒரே தீர்வு. “இருபடி என்றால் இரண்டு மூலம் வரணுமே, இன்னொன்று எங்கே?” என்று தேடும் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். சூத்திரத்தில் போட்டால் a = 0 என்பதால் பகுதியில் பூச்சியம் வந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கமாகவும் ஏமாறலாம். (x + 1)³ = x³ + 7 என்பது முப்படி போலத் தெரியும். விரித்தால் 3x² + 3x − 6 = 0. இது இருபடி; தீர்வுகள் 1, −2. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து சுருக்கிய பிறகுதான் படியைச் சொல்ல வேண்டும் என்ற பழக்கத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே ஏற்படுத்திவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

இனி பெருக்கல். 3x² + … என்பதையும் 5x⁴ + … என்பதையும் பெருக்கினால் x⁶ எங்கிருந்து வரும்? 3x² ஐ 5x⁴ ஆல் பெருக்கினால் மட்டும்தான் வரும். வேறு எந்த இரண்டு உறுப்புகளைப் பெருக்கினாலும் படி 6க்குக் கீழேதான் இருக்கும். ஆக, உச்சியில் 15x⁶ தனியாக நிற்கிறது. பூச்சியமல்லாத இரண்டு மெய்யெண்களைப் பெருக்கினால் பூச்சியம் வராது என்பதால் அது மறையவும் வழியில்லை. எனவே பெருக்கலில் படிகள் கூடும், இறங்காது.

இங்கே ஒரு மாணவன் குறுக்கே கேட்பான்: “பெருக்கும்போதும் உறுப்புகள் அடிபடுதே, ஐயா?” நியாயமான கேள்வி. (x² + x + 1)(x² − x + 1) ஐப் பெருக்கிப் பாருங்கள். x³ உறுப்புகள் அடிபடுகின்றன, x உறுப்புகளும் அடிபடுகின்றன. x⁴ + x² + 1 மட்டும் மிஞ்சுகிறது. அடிபட்டதெல்லாம் நடுவில். உச்சியில் இருந்த x⁴ ஐ யாரும் தொடவில்லை.

பூச்சியப் பல்லுறுப்புக் கோவைக்கு ஏன் படி இல்லை என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அதன் படி d என்று வைத்துக்கொள்வோம். அதை 3 படியுள்ள ஒன்றால் பெருக்கினாலும் கிடைப்பது பூச்சியமே. அப்படியானால் d + 3 = d என்றாக வேண்டும். அப்படி ஓர் எண் கிடையாது. மாறிலி 7க்குப் படி 0 என்றால் பூச்சியத்துக்கும் 0 என்று சொன்னால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த ஒரு வரி போதும்.

அடுத்து சேர்ப்பு. f(x) = x³ − 3x, g(x) = x² + 1 என்க. f(g(x)) என்றால் x இருந்த இடத்தில் g ஐ வைக்கிறோம்: (x² + 1)³ − 3(x² + 1). முதல் துண்டின் படி 6, இரண்டாவதன் படி 2. ஒரே உயரத்தில் இருவர் இல்லை. அடித்துக்கொள்ள வாய்ப்பும் இல்லை. படி 3 × 2 = 6. g இன் படி 1 அல்லது அதற்கு மேல் என்றால் எப்போதும் இப்படித்தான், படிகள் பெருகும்.

g மாறிலியாக இருந்தால்? அப்போது f இன் ஒவ்வொரு துண்டும் வெறும் எண்ணாகிறது. எல்லாமே 0 படியில் ஒரே உயரத்தில் வந்து நிற்கின்றன. எனவே அடிபடும் வாய்ப்பும் வந்துவிடுகிறது. f(x) = x² − 4 இல் g(x) = 2 ஐ வைத்தால் 4 − 4, மொத்தமும் பூச்சியம். விதிவிலக்கைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நாம் முதலில் கேட்ட அதே கேள்விதான் அதையும் காட்டுகிறது.

கடைசியாக, உச்சியிலிருந்து அடிவரை எல்லாம் அடிபடும் ஓர் எடுத்துக்காட்டு. ஈரோட்டில் 1887இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், லண்டனில் நோயுற்றிருந்தபோது பார்க்க வந்த ஹார்டியிடம் டாக்சி எண் 1729 பற்றிச் சொன்னதை நாம் எல்லோரும் வகுப்பில் சொல்கிறோம். 9³ + 10³ = 12³ + 1³ = 1729. இதைக் குர்ட் மாஹ்லர் என்ற கணிதவியலாளர் 1936இல் வெளியிட்ட ஒரு முற்றொருமையிலிருந்தும் பெறலாம். ராமானுஜன் இந்த வழியில் கண்டார் என்று நான் சொல்லவில்லை. நம் பாடத்துக்கு இது பொருந்துகிறது, அவ்வளவுதான்.

(9t⁴)³ + (3t − 9t⁴)³ + (1 − 9t³)³ = 1

இடப்பக்கம் முதல் இரண்டு உறுப்புகளின் படியும் 12. முதலாவதில் 729t¹², இரண்டாவதில் −729t¹². அவை அடிபட்டு மிஞ்சுவது

729t⁹ − 243t⁶ + 27t³

படி 12இலிருந்து 9க்கு இறங்கிவிட்டது. மூன்றாவதை விரித்தால்

−729t⁹ + 243t⁶ − 27t³ + 1

இப்போது கூட்டுங்கள். 9 படி போயிற்று, 6 படி போயிற்று, 3 படியும் போயிற்று. நிற்பது 1 மட்டும், படி 0. t = −1 என்று வைத்தால் 9³ − 12³ + 10³ = 1. அதுதான் 1729. t = 2 என்று வைத்தால் 144³ = 138³ + 71³ + 1. பிள்ளைகளைக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: 29,85,984 = 26,28,072 + 3,57,911 + 1. படி பூச்சியமாக இறங்கியதால்தான் t எதுவானாலும் விடை 1லிருந்து நகர மறுக்கிறது.

இப்போது அந்த வினாவை மாற்றி எழுதிக் கேட்கிறேன்: “p(x), q(x) ஆகிய இரண்டும் 4 படியுள்ளவை. p(x) + q(x) இன் படி 4 ஆக இருக்கும்படி ஓர் எடுத்துக்காட்டும், 1 ஆக இருக்கும்படி ஓர் எடுத்துக்காட்டும் தருக. p(x) × q(x) இன் படியை அப்படி மாற்ற முடியுமா? ஏன்?” இதற்கு மூன்று மதிப்பெண். “சொல்ல முடியாது” என்று எழுதிய அந்த மாணவிக்கு அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டிய வினா இது. உங்கள் வினாத்தாள்களிலும் பழைய வினா இருந்தால், விடைக்குறிப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.