காற்றும் நீரோட்டமும் வழித்திசையும்: தலைமை உரை

நீரில் செல்லும் படகுக்கு இரண்டு வேகங்கள் உண்டு: நீரைப் பொறுத்த வேகம், தரையைப் பொறுத்த வேகம். முன்னதோடு நீரோட்டத்தின் வேகத்தைத் திசையனாகக் கூட்டினால் பின்னது கிடைக்கும். இந்த மூன்றும் ஒரு முக்கோணத்தின் பக்கங்கள். விமானத்தில் நீரோட்டத்தின் இடத்தில் காற்று வரும். பிழைகள் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை, எந்த எண் எந்தப் பக்கத்துக்கு உரியது என்ற குழப்பத்தில் வருகின்றன.

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய நீரோட்டம் ஐப்பசி, கார்த்திகையில் தெற்கு நோக்கி ஓடும். நாகப்பட்டினத்திலிருந்து நேர் கிழக்கே 12 கடல் மைல் போக வேண்டிய படகின் வேகம் 4 நாட், நீரோட்டம் தெற்கு நோக்கி 2 நாட் எனக் கொள்ளலாம். முகப்பைக் கிழக்கே வைத்து ஓட்டினால் 3 மணி நேரத்தில் படகு 12 மைல் கிழக்கே வந்திருக்கும். கூடவே 6 மைல் தெற்கே இறங்கியிருக்கும். விலகல் ஏறக்குறைய 26.6 பாகை.

அப்படியானால் முகப்பை 26.6 பாகை வடக்கே திருப்பினால் போதும் என்று மாணவர் பலர் விடை எழுதிவிடுகிறார்கள். அது போதாது. தாளில் கிழக்கு நோக்கி நீளமாக ஒரு கோடு இழுத்து, அதன் தொடக்கப்புள்ளியிலிருந்து தெற்கே 2 அலகு குறிக்க வேண்டும். அந்தக் குறியில் கவராயத்தின் முனையை ஊன்றி, 4 அலகு ஆரத்தில் கிழக்குக் கோட்டை வெட்ட வேண்டும். குறியிலிருந்து வெட்டுப்புள்ளிக்குப் போகும் கோடே முகப்பின் திசை. இங்கே 4 என்பது கர்ணம். அதனால் திருத்தம் சைன் 0.5-க்குரிய 30 பாகை, முகப்பு 060. தரைவேகம் 3.46 நாட், பயணம் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். 26.6 பாகை மட்டும் திருப்பிய படகு, 12 மைல் கிழக்கே சென்றபோது இலக்குக்கு 0.7 மைல் தெற்கே நிற்கும்.

நீரோட்டமும் 4 நாட் ஆனால் கவராய வில் கோட்டைத் தொடக்கப்புள்ளியிலேயே தொடும்; படகு முன்னேறாது. அதற்கு மேல் போனால் முக்கோணமே அமையாது.

வேகமான விமானத்தில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். 450 நாட் வேகத்தில் செல்லும் விமானத்தைப் பக்கவாட்டில் 50 நாட் காற்று தள்ளினால், இரு கோணங்களும் ஏறக்குறைய 6.4 பாகைதான். இங்கே வேறொரு கண்ணி உண்டு. காற்றின் திசை அது வரும் பக்கத்தால் சொல்லப்படும், நீரோட்டத்தின் திசை அது போகும் பக்கத்தால் சொல்லப்படும். வானிலை அறிக்கையில் காற்று 360 என்றால் அம்பைத் தெற்கு நோக்கி வரைய வேண்டும். மாற்றி வரைந்தால் திருத்தம் விலகலை இரட்டிப்பாக்கும்.

ஜி.பி.எஸ். தரும் தரைவேகத்தையும் தரைத்திசையையும், திசைகாட்டி காட்டும் முகப்பையும், நீரைப் பொறுத்த வேகத்தையும் கொண்டு இதே முக்கோணத்தைத் திருப்பிப் போட்டால் மூன்றாவது பக்கம் கிடைக்கும். அதை நீரோட்டம் என்று அப்படியே எழுதிவிடக் கூடாது: படகின் மேல்பகுதியைக் காற்று தள்ளிய அளவும் அதில் சேர்ந்தே இருக்கும்.