சீரியல் மானிட்டர்ல குப்பையா? முதல்ல வேகம், அப்புறம் வோல்ட்

இன்னைக்குக் கதை திருச்சுழிப் பக்கம், எங்க மாமா தோட்டத்துக் கிணத்துல ஆரம்பிக்குது. அருப்புக்கோட்டை தாண்டினா எல்லாம் கரிசக்காடு. கோடையில கிணறு சடார்னு வத்திடும். தண்ணி இல்லாம மோட்டார் ஓடுனா காயில் கருகிடும், திரும்பக் காயில் கட்டக் காசு அழணும். "மாப்ள, தண்ணி எவ்வளவு கெடக்குன்னு போன்லயே பாக்குற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு"ன்னார். ஒரு இஎஸ்பி8266 போர்டும், பழைய மட்டம் பார்க்கிற சென்சார் ஒண்ணும் எடுத்துட்டுப் போனேன்.

லேப்டாப்பைத் திறந்து சீரியல் மானிட்டர் போட்டேன். புரோகிராம்ல எழுதியிருந்தது இவ்வளவுதான்:

```
Serial.begin(115200);
Serial.println("Kinaru ready");
```

மானிட்டரும் 115200-லதான். ஆனா ரீசெட் அழுத்தினா முதல்ல ஒரு வரி பெட்டியும் கேள்விக்குறியுமா குப்பை, அதுக்கப்புறம் தெளிவா `Kinaru ready`. மாமா கேட்டார், "என்ன மாப்ள, ஏதோ பாஷையில பேசுது?"

நிஜமாவே பாஷைப் பிரச்சினைதான். சீரியல்ல தனியா கடிகார வயர் கிடையாது. அனுப்புறவனும் வாங்குறவனும் "ஒரு பிட் இவ்வளவு நேரம்"னு முன்னாடியே பேசி வெச்சுக்கணும். 115200-ன்னா ஒரு பிட் சுமார் 8.7 மைக்ரோ செகண்ட். அந்த முதல் வரி நம்ம புரோகிராம் அனுப்பினது இல்ல, சிப்புக்குள்ளயே இருக்கிற பூட் ராம் அனுப்பினது. அது 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்குன்னு நினைச்சு 115200-க்குக் கணக்குப் போடுது. போர்டுல இருக்கிறதோ 26 மெகாஹெர்ட்ஸ். அப்போ நிஜ வேகம்:

```
115200 × 26 / 40 = 74880
```

இந்த வேகத்துல ஒரு பிட் 13.4 மைக்ரோ செகண்ட். அங்கே 2 பிட் முடியறதுக்குள்ள இங்கே மானிட்டர் 3 பிட் எண்ணிடுது. எழுத்து எப்படி வரும்? மானிட்டரை 74880-க்கு மாத்தினேன், பூட் வரி படிக்க வந்துச்சு: `rst cause:2`. அதாவது ரீசெட் பட்டனால எழுந்திருக்கு. போர்டு தானா ரீஸ்டார்ட் ஆகும்போது காரணம் சொல்றது இந்த வரிதான், அதைக் குப்பைன்னு தள்ளிடாதீங்க. புரோகிராம்லயும் 74880 கொடுத்துட்டா ரெண்டும் ஒரே மானிட்டர்ல தெளிவா வரும்.

சரி, அடுத்து சென்சார். அதோட வயரை டி5 பின்ல செருகி, `SoftwareSerial` வெச்சு 9600-ல படிச்சேன். திரும்பக் குப்பை. பாடம் படிச்சாச்சேன்னு 2400, 4800, 19200 எல்லாம் மாத்திப் பார்த்தேன். எதுலயும் ஒரு எழுத்துகூட உருப்படியா வரல. இங்கதான் யோசிச்சிருக்கணும். வேகம் மட்டும் தப்புன்னா ஏதோ ஒரு வேகத்துல தெளிஞ்சிடும். எதுலயும் தெளியலைன்னா சந்தேகம் வோல்ட் மேல போகணும்.

மாமாகிட்ட மல்டிமீட்டர் இருந்துச்சு. டிசி வோல்ட்ல வெச்சு, சென்சார் கிரவுண்டுக்கும் டேட்டா வயருக்கும் நடுவுல பார்த்தேன். சும்மா இருக்கிற நேரத்துல சுமார் மைனஸ் 6 வோல்ட்! நம்ம போர்டு பேசுற பாஷையில சும்மா இருந்தா 3.3 வோல்ட் இருக்கணும். மைனஸ் காட்டினா அது ஆர்எஸ்-232, பழைய கம்ப்யூட்டர் போர்ட்டோட பாஷை. அதுல 1-ன்னா மைனஸ், 0-ன்னா பிளஸ், 3-லேர்ந்து 15 வோல்ட் வரைக்கும் போகலாம். நம்ம போர்டுல 1-ன்னா 3.3 வோல்ட், 0-ன்னா 0 வோல்ட். அதனால எல்லா பிட்டும் தலைகீழாத் தெரிஞ்சிருக்கு. வயர் சும்மா இருக்கிறதையே போர்டு ஸ்டார்ட் பிட்டுன்னு நினைச்சுக்கும். அப்புறம் பாட் எதை மாத்தி என்ன?

இதைக் கோட்ல தலைகீழாக்கிப் படிக்கலாமேன்னு தோணும். படிக்க வரலாம், ஆனா பின்ல ஏறுற மைனஸ் 6 வோல்ட் அப்படியேதான் இருக்கும். டி5 பின் கருகாம தப்பிச்சது என் நல்ல நேரம். சரியான வழி, நடுவுல மேக்ஸ்3232 சிப். வோல்ட்டையும் மாத்தும், தலைகீழையும் நேராக்கும். 3.3 வோல்ட்லயே ஓடும். பேரு ஒரே மாதிரி இருக்கேன்னு மேக்ஸ்232 வாங்கிடாதீங்க, அதுக்கு 5 வோல்ட் வேணும். சென்சார், சிப், போர்டு மூணுக்கும் கிரவுண்ட் ஒண்ணாச் சேரணும்.

மறுநாள் அருப்புக்கோட்டையில கிடைக்கல, மதுரையில வாங்கிட்டு வந்து மாட்டினேன். அதே 9600, அதே கோட். மானிட்டர்ல எண்கள் வரிசையா வந்துச்சு. மாமா ஒரு கல்லைக் கயித்துல கட்டிக் கிணத்துக்குள்ள விட்டு, நனைஞ்ச இடத்தைப் பார்த்து, "சரியாத்தான் சொல்லுது"ன்னார். அதுக்கப்புறம்தான் மோட்டார் ஸ்விட்ச்ல கை வெச்சார்.

அடுத்த தடவை குப்பை வந்தா, வயரைச் செருகுறதுக்கு முன்னாடியே மீட்டரை வெச்சுப் பாருங்க. மைனஸ் காட்டினா செருகாதீங்க. பிளஸ் 3.3 காட்டினா தாராளமா பாட் ரேட்டை மாத்திப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.