பந்தயத் தாபனம் கைவிரித்த பின்னர்

பந்தயத்திற் பணம் வைத்தவர் வென்றார். தாபனமோ பணத்திற் குறைத்துக் கொடுத்தது. அவர் முறைப்பாடு செய்தார், அது நிராகரிக்கப்பட்டது. அதன்பின் அவர் செல்லக்கூடிய வாயில் யாது? பிரித்தானியாவில் இக்கேள்விக்கு ஒழுங்கான விடையுண்டு.

அங்கு பந்தய இணையத்தளங்களுக்கு அநுமதி வழங்குவது சூதாட்ட ஆணைக்குழு. ஆயினும் தனியொருவரின் பணப் பிணக்கை அவ்வாணைக்குழு தீர்த்துவைப்பதில்லை. பலர் முதலில் அதற்கே எழுதிக் காலத்தை வீணாக்குகின்றனர். அநுமதி பெற்ற ஒவ்வொரு தாபனமும் சுயாதீனமான பிணக்குத் தீர்ப்பகம் ஒன்றைப் பெயர் குறித்து வைத்தல் வேண்டும். அதன் சேவை வாடிக்கையாளருக்கு இலவசமாகவும் இருத்தல் வேண்டும். அத்தகைய தீர்ப்பகங்களுள் நன்கறியப்பட்டது, 1998ஆம் ஆண்டில் தோன்றிய சுயாதீனப் பந்தயத் தீர்ப்புச் சேவையாகும்; சுருக்கமாக ஐபாஸ் என்பர்.

எடுத்துக்காட்டாக ஒருவரைக் கற்பனை செய்வோம். அவர் குதிரைப் பந்தயமொன்றில், ஒன்றுக்கு ஐந்து என்ற விலையில் 100 பவுண் வைத்தார். குதிரை வென்றது. 500 பவுண் இலாபமும் வைத்த பணமும் வருமென எதிர்பார்த்தார். இலாபமாக வந்ததோ 350 பவுண் மாத்திரமே. ஒன்றுக்கு இரண்டு என்ற விலையிலிருந்த வேறொரு குதிரை ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டதனால், 'நான்காம் விதி'யின்படி இலாபத்தில் பவுணுக்கு 30 பென்ஸ் கழிக்கப்பட்டது என்றது தாபனம்.

விதி நியாயமானதே. வலிய குதிரை விலகினால் ஏனையவை வெல்லும் வாய்ப்புக் கூடுகிறது. ஆதலின் பழைய விலையில் வைத்தவருடைய இலாபம் குறைக்கப்படுகிறது. ஆனால் விலகலுக்குப் பின் திருத்தப்பட்ட புதிய விலையில் வைத்தவரிடம் கழித்தல் கூடாது. அவருக்குரிய குறைப்பு அவ்விலையிலேயே அடங்கிவிட்டது. அவருடைய வாதமும் இதுவே. விலகலுக்கு முன்னர் அக்குதிரையின் விலை எட்டாக இருந்தது; அவர் வைத்தபோது ஐந்தாகச் சுருங்கியிருந்தது.

மார்ச் 4ஆம் திகதி அவர் தாபனத்திற்கு எழுத்தில் முறைப்பாடு செய்தார். முதற்பதில் "விதிப்படியே கழித்தோம்" என்ற ஒருவரியே. அதனுடன் தீர்ப்பகத்திற்கு ஓடியிருந்தால், "தாபனத்தின் நடைமுறை முடியட்டும்" என்று திருப்பியனுப்பியிருப்பர். அவர் மீண்டும் எழுதி இறுதி முடிவைக் கோரினார். மார்ச் 20ஆம் திகதி, "இதுவே எமது இறுதி நிலைப்பாடு" எனக் கடிதம் வந்தது. செல்லவேண்டிய தீர்ப்பகத்தின் பெயரும் அதில் இருந்தது. அக்கடிதமே அடுத்த வாயிலின் திறவுகோல். அது வராவிடினும், முறைப்பாடு செய்து எட்டு வாரங்கள் கழிந்தபின், அதாவது ஏப்ரல் 29ஆம் திகதிக்குப் பின்னர், அவர் தீர்ப்பகத்தை நாடியிருக்கலாம்.

தீர்ப்பகத்திற்கு அவர் நீண்ட புலம்பல் எழுதவில்லை. பந்தயச் சீட்டின் இலக்கம், வைத்த நேரம், விலை, தாபனத்தின் விதி, இறுதிக் கடிதம், கோரும் தொகையான 150 பவுண் ஆகியவற்றை வரிசைப்படுத்தினார். முன்னைய விலையான எட்டைக் காட்டும் திரைப்படப்பிடிப்பும் அவரிடம் இருந்தது. தீர்ப்பாளர் தாபனத்தின் பதிவேட்டையும் வரவழைத்து, விலை திருத்தப்பட்ட நேரத்தைச் சீட்டின் நேரத்தோடு ஒப்பிட்டார். சீட்டு பிந்தியது, ஆகவே 150 பவுண் கொடுபடவேண்டும் என்பது முடிவு. சீட்டு முந்தியிருந்தால், விலகல் அறிவிப்பு எப்போது வந்திருப்பினும், அவர் தோற்றிருப்பார். தீர்ப்பாளர் நோக்குவது அநுதாபத்தையன்று; ஒப்புக்கொண்ட விதியையும் அது செயற்பட்ட முறையையுமே.

இவ்வாயிலுக்கும் எல்லைகளுண்டு. ஐபாஸின் முடிவு 10,000 பவுண் வரையான பிணக்குகளில் தாபனத்தைக் கட்டுப்படுத்தும். வாடிக்கையாளர் உடன்படாவிடின் நீதிமன்றம் செல்லலாம். 2007 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் அந்நாட்டிற் பந்தய ஒப்பந்தங்களை வழக்கிட்டு நிலைநாட்ட முடியும். 2021 ஏப்ரலில், மென்பொருட் பிழையெனக் கூறி மறுக்கப்பட்ட 17 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட வெற்றிப் பணத்தை உயர் நீதிமன்றமே ஒருவருக்குக் கிடைக்கச் செய்தது.

இன்னொன்றும் உண்டு. இவ்வழி முழுவதும் அநுமதிப் பத்திரத்தின் மீது நிற்பது. அநுமதி பெறாத தளமொன்றில் வைத்தவருக்கு இறுதிக் கடிதமும் இல்லை, எட்டு வாரக் கணக்கும் இல்லை, தீர்ப்பகமும் இல்லை. அப்பத்திரம் உண்டோ என்பதை ஆணைக்குழுவின் பகிரங்கப் பதிவேட்டிற் பார்க்கலாம். பார்க்கவேண்டிய வேளை பணம் வைப்பதற்கு முன்னரேயாகும்.