நாலாவது மணித்தியாலத்தில் எடுக்கும் முடிவுகள்



இந்த உரையை வைத்தியசாலைகளிலும் கிளினிக்குகளிலும் வேலை செய்யும் பழைய மாணவியர் சிலர் சேர்ந்து தயாரித்தோம். அதனால்தான் "நாங்கள்" என்று பேசுகிறோம். ஒன்றன்பின் ஒன்றாக முடிவெடுத்துக்கொண்டே போனால் மனம் எப்படிக் களைக்கிறது, களைத்த மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் விடயம். எங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறோம்.

அமெரிக்காவில் பொஸ்டன் நகரை அண்டிய 23 கிளினிக்குகளில், தடிமன், இருமல், தொண்டை நோ என்று வந்த 21,000க்கு மேற்பட்ட நோயாளர் வருகைகளை ஆராய்ந்து 2014இல் ஓர் ஆய்வு வெளியானது. இந்த நோய்களிற் பல வைரசால் வருபவை. அவற்றுக்கு அன்ரிபயோற்றிக் வேலை செய்யாது. வைத்தியர்கள் காலையில் நாலு மணித்தியாலம், மதிய உணவுக்குப் பிறகு நாலு மணித்தியாலம் என்று நோயாளரைப் பார்த்தார்கள். முதல் மணித்தியாலத்தோடு ஒப்பிட்டால், நாலாவது மணித்தியாலத்தில் வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேர் கூடுதலாக அன்ரிபயோற்றிக் சீட்டோடு வெளியே போனார்கள். சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் எண்ணிக்கை இறங்கியது. பின்னேரம் மறுபடியும் ஏறியது.

ஐந்து பேர் என்பது பெரிய தொகையாகத் தெரியாமலிருக்கலாம். ஆனால் அது ஏன் ஒரே திசையில் ஏறுகிறது என்று பாருங்கள். "இது தானாகவே மாறும், மருந்து தேவையில்லை" என்று சொன்னால், ஏன் என்று விளங்கப்படுத்த வேண்டும். நோயாளி முகம் சுழித்தால் மறுபடியும் சொல்ல வேண்டும். சீட்டு எழுதுவதற்கு அரை நிமிடம் போதும். களைத்த வைத்தியருக்குப் படித்தது மறந்துபோவதில்லை. எது குறைந்த சண்டையோடு முடியுமோ அதை அவருடைய கை செய்துவிடுகிறது.

உங்களில் பலர் இஸ்ரேல் நீதிபதிகளைப் பற்றிய கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கைதிகளை முன்கூட்டி விடுவிக்கும் விண்ணப்பங்களை ஆராய்ந்த 2011ஆம் ஆண்டு ஆய்வு அது. அமர்வின் தொடக்கத்தில் நூற்றுக்கு 65 அளவில் சாதகமான தீர்ப்பு, இடைவேளைக்குச் சற்று முன் கிட்டத்தட்டப் பூச்சியம், இடைவேளை முடிந்ததும் பழையபடி 65. மேடைகளில் இதைச் சொல்ல எல்லாருக்கும் விருப்பம். எங்களுக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் அமர்வின் கடைசியிலேயே எடுக்கப்பட்டன என்று பின்னர் வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனவலிமை ஒரு தாங்கியில் உள்ள எண்ணெய்போலத் தீர்ந்துபோகிறது என்ற கொள்கையும் அப்படித்தான். 2016இல் 23 ஆய்வுகூடங்கள் ஒன்றாகச் சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய இல்லையென்றே வந்தது. ஆகவே உள்ளே என்ன தீர்கிறது என்ற விவாதத்தை ஆய்வாளர்களிடம் விடுவோம். வேலை நேரம் நீள நீள இலகுவான பதிலின் பக்கம் சாய்கிறோம் என்பதை மட்டும் கையில் எடுத்துக்கொள்வோம்.

அப்படியானால் செய்யக்கூடியது, அந்த இலகுவான பதிலை முன்கூட்டியே சரியான பதிலாக வைத்துவிடுவது. லொஸ் ஏஞ்சலிசில் ஐந்து கிளினிக்குகளில் இதைச் செய்து பார்த்தார்கள். தேவையில்லாத அன்ரிபயோற்றிக் எழுதமாட்டேன் என்று வைத்தியர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார். அதைப் பெரிதாக்கி, அவருடைய படத்தோடு, நோயாளரைப் பார்க்கும் அறையின் சுவரில் மாட்டினார்கள். செலவு அவ்வளவுதான். கடிதம் மாட்டாத வைத்தியர்களோடு ஒப்பிட்டபோது, தேவையற்ற சீட்டுகள் நூற்றுக்கு ஏறக்குறைய 20 என்ற அளவால் குறைந்தன. மாலை நாலரை மணிக்கு வைத்தியர் புதிதாக ஒன்றையும் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. தீர்மானம் சுவரில் இருந்தது.

இனி வீட்டுக்கு வருவோம். எங்களில் ஒருவரின் குடும்பத்தில் நடந்ததைச் சொல்ல அனுமதி தந்திருக்கிறார்கள். எண்பது வயது கடந்த அம்மா விழுந்து தொடை எலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை முடிந்து யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வந்தார். கூட இருப்பவர் மூத்த மகள். மற்ற மூவர் ரொறன்ரோ, லண்டன், மெல்போண். அக்கா காலை ஐந்து மணிக்கு எழும்பி, எந்தக் குளிசை முதலில், யார் குளிக்கவார்ப்பது, இரவுக்கு ஆள் வேண்டுமா, என்ன சமைப்பது என்று நாள் முழுக்கத் தீர்மானித்துக்கொண்டிருந்தார். லண்டன் தங்கைக்கு வேலை முடிந்து கதைக்க நேரம் கிடைப்பது இரவு எட்டு மணிக்கு. அது கோடைகாலத்தில் இங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி. அந்த நேரத்தில்தான் "அம்மாவைப் பராமரிப்பு இல்லத்தில் விடுவோமா?" என்ற கேள்வி வரும். ஒரு நாள் அக்கா, "உங்களுக்குச் சரியெண்டு பட்டதைச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டார். நாங்கள் கவனிக்கச் சொல்வது இந்த வசனத்தைத்தான். சம்மதம்போலக் கேட்கும், ஆனால் பெரும்பாலும் அது களைப்பு. ஒரே கடதாசியை மூன்றாம் தரம் வாசிப்பதும், கடைசியாகப் பேசியவர் சொன்னதற்கு ஓம் என்பதும் இதே சாதிதான்.

அவர்கள் மாற்றியது அதிகமில்லை. ஒரு கிழமைக்கான குளிசைகளை ஞாயிறு காலையில், வைத்தியர் தந்த சீட்டைப் பார்த்து, நாளுக்கு நாலு அறை கொண்ட பெட்டியில் நிரப்பினார்கள். சாப்பாடும் கிழமைக்கு ஒரே ஒழுங்கு. செவ்வாய் என்றால் இன்ன கறி என்று ஆகிவிட்டது. இத்தனை ரூபாய்க்குக் கீழான செலவை அக்கா எவரையும் கேளாமல் செய்யலாம் என்று ஒரு தொகை வைத்தார்கள். இரவுத் துணைக்கு ஏழு பேரின் பெயர் வந்தபோது, ரொறன்ரோ தம்பி எல்லாரோடும் தொலைபேசியில் கதைத்து, இரண்டு பேரை மட்டும் அக்காவிடம் கொடுத்தார். பராமரிப்பு இல்லம், வீடு, அடுத்த சத்திரசிகிச்சை போன்றவை சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு மட்டும். மதியம் சாப்பிட்டு, சற்றுப் படுத்து எழும்பி, தேத்தண்ணீரும் குடித்த பிறகு வரும் நேரம் அது. ரொறன்ரோவில் காலை ஏழு, லண்டனில் மதியம் பன்னிரண்டு, மெல்போணில் இரவு ஒன்பது.

ஒரு விடயத்தில் நாங்கள் அவர்களைத் தடுத்தோம். அம்மாவின் உடுப்பையும் ஒரே மாதிரி ஆக்கப் பார்த்தார்கள். பராமரிப்பவருக்கு இறக்கிவைக்க வேண்டிய சுமை, படுக்கையில் இருப்பவருக்கு மிஞ்சியிருக்கும் கொஞ்ச அதிகாரமாக இருக்கலாம். நீலமா பச்சையா, பால் தேத்தண்ணீரா வெறும் தேத்தண்ணீரா என்பதை அம்மாவிடமே விட்டார்கள். அவர் ஆறுதலாக யோசித்துத்தான் சொல்வார்.

ஒழுங்குக்கும் திகதி வேண்டும். குளிசை மாறியபின் பழைய சீட்டைப் பார்த்துப் பெட்டியை நிரப்பினால், ஒழுங்கே ஆபத்தாகிவிடும். அதனால் ஒவ்வொரு கிளினிக் நாளுக்குப் பிறகும் பழைய சீட்டைக் கழற்றிப் புதியதை ஒட்டுகிறார்கள். மூச்சு முட்டல், திடீர்க் காய்ச்சல், மறுபடி விழுதல் என்றால் சனிக்கிழமையைப் பார்ப்பதில்லை. உடனே வைத்தியசாலைதான். அதைக்கூட முதலே எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டார்கள்.

நவம்பரில் மணிக்கூடுகள் மாறியபோது கூட்டத்தை ஐந்தரைக்குத் தள்ள வேண்டி வந்தது. அப்போது மெல்போணில் இரவு பதினொரு மணி. அங்கிருக்கும் தங்கை இப்போது தன் கருத்தைச் சனி காலையிலேயே குரல் பதிவாக அனுப்பிவிட்டு, இரவு நித்திரைக்குப் போய்விடுகிறார்.